தேநீர்க் கடையின் விலைப் பலகை

சங்கம் நடத்தும் தேநீர்க் கடையிலே தொங்கும் விலைப் பலகை, கடைக்குரிய அலங்காரமன்று. அது சங்கத்தின் கணக்குப் புத்தகங்களுள் ஒன்று என்பது நமது கொள்கை. ரொக்கப் புத்தகத்தையும் இருப்புப் புத்தகத்தையும் அங்கத்தினர் வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் பொதுக்குழு நாளிலே, தொலைவிலிருந்து பார்க்கிறார்கள். இந்தப் பலகையையோ தினம் இரு வேளை, கையிலே காசுடன் நின்று படிக்கிறார்கள். ஆயினும் நிர்வாகக் கமிட்டிகள் இதனை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. பெயிண்டர் ஒருவரைக் கூப்பிட்டு, “டீ 12, காப்பி 15, வடை 8” என்று எழுதச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகின்றன.

அப்படி எழுதிய பலகையில் இல்லாதது எது என்று கேட்டால், அளவு என்போம். நூல் வாங்கும்போது நம்பரும் எடையும் கேட்கிறோம். நெல்லுக்கு மூட்டையின் எடை கேட்கிறோம். தேநீருக்கு மட்டும் “ஒரு கிளாஸ்” என்றால் போதும் என்று விட்டுவிடுகிறோம். கிளாஸ் என்பது அளவாகுமா? கடைகளில் புழங்கும் கிளாஸ்களில் 80 மில்லிலிட்டர் கொள்வதும் உண்டு. 120 கொள்வதும் உண்டு. அடிப்பாகம் கனத்துச் செய்த கிளாஸ் ஒன்றையும் மெல்லிய அடியுள்ள கிளாஸ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெளியே இரண்டும் ஒரே உயரமாகத்தான் தோன்றும்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்லுவது பொருந்தும். சங்கத்தின் பெயர் நமக்கு வேண்டியதில்லை. அங்கே தேநீர் 12 ரூபாய். பால் விலை ஏறியபோது ஒரு ரூபாய் கூட்டலாமா என்று கமிட்டியில் பேச்செழுந்தது. அங்கத்தினர் வருத்தப்படுவார்கள் என்று சிலர் தடுத்தார்கள். விலை அப்படியே நின்றது. ஆனால் சில வாரங்களுக்குள் பழைய கிளாஸ்கள் உடைந்து போயின என்று சொல்லிப் புதிய கிளாஸ்கள் வந்தன. பழையது 100 மில்லிலிட்டர் கொண்டது. புதியது 85 தான். பலகையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தறியிலிருந்து எழுந்து வருகிற ஒரு பெரியவர் மட்டும், “முன்னைப்போல் நாக்கு நனையவில்லை, தம்பி” என்று கடைப் பையனிடம் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவருக்குக் கோளாறு என்றார்கள்.

கோளாறு யாருக்கென்று தீர்மானிக்க நூல் நிறுக்கும் தராசே போதுமானது. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் எடை. ஆகவே தேநீர் ஊற்றும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, காலிக் கிளாஸின் எடையைக் கழித்தால் கொள்ளளவு வந்துவிடும். ஒரே கிளாஸை நிறுப்பதைவிடப் பத்துக் கிளாஸ்களின் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுப்பதே நலம். கைத்தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. நம் கடைகளில் தேநீரை உயரத் தூக்கி ஆற்றித் தருவதால், மேலே ஒரு விரற்கடை நுரை நிற்கிறது. நுரை கண்ணுக்குக் கிளாஸை நிரப்பிக் காட்டும். வாய்க்கு ஒன்றும் தராது. ஆகவே விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அளப்பது பிழை. ஒரு கிளாஸ் தேநீரை வாங்கி நுரை அடங்கும் வரை வைத்திருந்து, அப்பொழுது நிற்கும் மட்டத்தை மையினால் குறித்துக்கொண்டு, அந்த மட்டம் வரைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 12 ரூபாய்க்கு 100 மில்லிலிட்டர் கிடைத்தபோது மில்லிலிட்டருக்கு 12 காசு. அதே 12 ரூபாய்க்கு 85 என்றால் 14 காசுக்குச் சற்று மேல். அதாவது நூற்றுக்குப் பதினேழரை வீதம் விலை ஏறிவிட்டது. கமிட்டி கூட்டத் தயங்கிய ஒரு ரூபாயைக் கூட்டியிருந்தால் 13 காசுதான் ஆகியிருக்கும். நூற்றுக்கு எட்டேகால்தான் ஏற்றம். அங்கத்தினர் வருத்தப்படுவார்கள் என்று பயந்து, அவர்கள் அறியாமலே இரட்டிப்புச் சுமையை ஏற்றிவிட்டார்கள்.

சுமை ஏற்றியதனால் சங்கத்துக்காவது லாபம் வந்ததா என்றால், அதுவும் சொற்பமே. நூறு மில்லிலிட்டர் தேநீருக்குப் பால் 60 மில்லிலிட்டர், தூள் இரண்டரை கிராம், சர்க்கரை 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம், மற்றது தண்ணீர். பால் லிட்டர் 50 ரூபாய், தூள் கிலோ 280, சர்க்கரை கிலோ 45 என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால், பாலுக்கு 3 ரூபாய், தூளுக்கு 70 காசு, சர்க்கரைக்கு 36 காசு. ஆக 4 ரூபாய் 6 காசு. (அந்தந்த ஊர் விலையைப் போட்டுக்கொள்வது வாசகர் பொறுப்பு.) கிளாஸ் சிறுத்ததனால் இதிலே நூற்றுக்குப் பதினைந்துதான் மிஞ்சும், அது 61 காசு. கூலியும் வாடகையும் விளக்கும் கிளாஸ் சிறுத்ததற்காகக் குறைவதில்லை. அங்கத்தினர் இழந்ததோ 15 மில்லிலிட்டர். பழைய விலைப்படி 1 ரூபாய் 80 காசு. பகிரங்கமாக ஒரு ரூபாய் கூட்டியிருந்தால் சங்கத்துக்கு முழுதாக ஒரு ரூபாய் கிடைத்திருக்கும். அங்கத்தினருக்கும் நஷ்டம் ஒரு ரூபாயோடு நின்றிருக்கும். ஒளித்துச் செய்த காரியத்தில் இரு தரப்பும் தோற்றன.

“மனிதன் கிளாஸைத்தான் குடிக்கிறான், மில்லிலிட்டரைக் குடிப்பதில்லை” என்று அந்தச் சங்கத்துக் காரியதரிசி நம்மிடம் வாதித்தார். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. களைப்பாற நாலு வாய் குடிக்க வருகிறவருக்கு 85 போதுமாயிருக்கலாம். அப்படியாயின் சிறு கிளாஸ் என்று தனியே ஒரு வரி எழுதி, 85 மில்லிலிட்டர், 10 ரூபாய் என்று போடட்டும், வேண்டியவர் வாங்குவார். அளவைச் சொல்லாமல் மாற்றுவதற்கு அந்த வாதம் இடம் தராது.

ஆகவே விலைப் பலகையைக் கட்டம் போட்டுத்தான் எழுத வேண்டும் என்கிறோம். வாக்கியம் போல் தொடர்ச்சியாக எழுதினால் அளவை விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. கட்டம் போட்டு, தலைப்பில் “அளவு” என்று எழுதிவிட்டால் அந்தக் கட்டம் காலியாக நிற்க முடியாது. நின்றால் ஊரே கேட்கும். அந்தச் சங்கத்துக்காக நாம் எழுதிக் கொடுத்த மாதிரி இது:

| பண்டம் | கிளாஸ் அளவு (மி.லி.) | ஒரு கிளாஸ் (ரூ.) | அரை லிட்டர், தங்கள் பாத்திரத்தில் (ரூ.) |
|---|---:|---:|---:|
| தேநீர் | 100 | 12 | 55 |
| பால் சேராத தேநீர் | 100 | 8 | 35 |
| காப்பி | 100 | 15 | 70 |
| பால் | 150 | 15 | — |

கடைசிப் பத்தி தறிக்கூடங்களை உத்தேசித்தது. ஐந்தாறு பேர் நெய்யும் கூடத்திலிருந்து ஒரு பையன் தூக்குப் பாத்திரத்துடன் வருகிறான். ஐந்து கிளாஸ் கணக்கில் 60 ரூபாய் வாங்குவதா, கழுவும் வேலை மிச்சமென்று குறைத்து வாங்குவதா என்பது அன்றன்று கடைப் பையனின் மனநிலையைப் பொறுத்திருந்தது. எழுதி வைத்தபின் அந்தப் பேரம் நின்றது. பார்சல் என்று ஒரு பத்தி போட்டு, அதற்குப் பிளாஸ்டிக் பையும் பூச்சுக் கப்பும் கொடுப்பது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. தங்கள் பாத்திரம் என்று பலகையிலேயே சொல்லிவிடுவது அதற்கும் உதவும்.

பாலுக்கு நேரே உள்ள சிறு கோட்டைக் கவனிக்க வேண்டும். அரை லிட்டர் பால் விற்பதில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால், பெயிண்டர் மறந்துவிட்டார் என்று வாங்குபவர் நினைப்பார். கடைக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்லுவார். வெறுங்கட்டத்தைப் போலச் சச்சரவு விளைப்பது வேறில்லை.

வடை, போண்டா, சுண்டல் ஆகியவற்றை இந்தக் கட்டத்துக்குள் அடக்கக் கூடாது. அவற்றுக்கு மில்லிலிட்டரும் இல்லை, அரை லிட்டரும் இல்லை. பாதிக் கட்டங்கள் கோடாகவே நிற்கும். பார்ப்பவர் கண் சலித்துவிடும். பண்டம், எடை, விலை என்று மூன்றே பத்திகளுடன் கீழே தனிக்கட்டம் போடுவதே சரி. வடைக்கு எடையா என்று சிரிப்பவர் உண்டு. உளுந்து விலை ஏறும்போது வடையின் நடு ஓட்டை பெரிதாவதை அறியாதவர் யார்?

எழுதும் முறையிலும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. விலைகளின் ஒற்றை இலக்கத்துக்கு நேர் கீழே ஒற்றை இலக்கம் வர வேண்டும்; அதாவது எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். இடப்பக்கம் ஒட்டி எழுதினால் 12-இன் முதல் இலக்கமாகிய 1-க்குக் கீழே 8 வந்து நிற்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு எது பெரிய விலை என்பது உடனே புலப்படாது. ரூபாய்க் குறியை ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. பத்தியின் தலையில் ஒரு முறை எழுதினால் போதும். “12.00” என்று சுழியங்களைத் தொங்கவிடுவதும் வீண். பண்டத்தின் பெயர் பலகையின் ஓர் ஓரத்திலும் விலை மறு ஓரத்திலும் இருந்தால், நடுவிலுள்ள வெளியைக் கடக்கும்போது கண் வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடும். காப்பியின் விலையைத் தேநீருக்கென்று படித்துவிட்டுச் சண்டைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் இவ்வாறு வழுக்கியவர்களே. பத்திகளை நெருக்கி, வரிகளின் இடையே மெல்லிய கோடு இழுப்பதுதான் இதற்குப் பரிகாரம். வரிசைக்கு எட்டுப் புள்ளி வைத்து நிரப்புவது பழைய வழக்கம்; மழைச் சாரலில் பாதிப் புள்ளி அழிந்த பிறகு அதனால் உதவியில்லை.

எழுத்தின் உயரம் பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது பலகை எழுதுவோரின் கைக்கணக்கு. ஆனால் தமிழுக்கு எழுத்தின் உயரத்தை மட்டும் பார்த்து வரி போட்டால் போதாது. மேலே புள்ளியும் இகரக் கொம்பும் ஏறுகின்றன. கீழே உகர ஊகாரச் சுழிகள் இறங்குகின்றன. ஆங்கிலப் பலகைக்குப் போட்ட அதே கோடுகளில் தமிழை எழுதினால், மேல் வரியின் “சு” கீழ் வரியின் “ப்” மீது இடித்துக்கொண்டு நிற்கும். ஓர் அங்குல எழுத்துக்கு இரண்டரை அங்குல வரி விட்டால் நன்றாயிருக்கும். 

விலை மாறும், பண்டத்தின் பெயர் மாறாது. ஆகவே பெயர்களையும் கோடுகளையும் பெயிண்டால் எழுதி, விலைக்கட்டங்களில் மட்டும் சிறு ஆணியடித்துத் தகர இலக்கங்களைத் தொங்கவிடுவது உத்தமம். பழைய விலையின் மேல் காகிதம் ஒட்டுவதுபோல் கெட்ட வழக்கம் வேறில்லை. தேநீருக்கு ஒட்டியது நிற்கும், அரை லிட்டருக்கு ஒட்டியது காற்றில் பறந்துவிடும். பின்பு இரண்டு விலைகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். இங்கே ஒரு பழைய சமாசாரம் நினைவுக்கு வருகிறது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது, ஓர் அணாத் தேநீர் 6 நயா பைசாவாயிற்று. அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால். ஆனால் மூன்றணாவைச் சேர்த்து மாற்றினால் 19. ஆகவே மூன்று பேர் தனித்தனியே காசு கொடுத்தால் 18. ஒருவரே மூவருக்கும் கொடுத்தால் 19! மாற்று அட்டவணையைப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்ட கடைக்காரரே அந்நாளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இனி, பலகை கணக்குப் புத்தகம் என்று தொடக்கத்தில் கூறியதற்கு வருவோம். பலகையில் பண்டங்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில், அதே பத்திகளுடன், தினசரி விற்பனைத் தாளை அச்சிட வேண்டும். விலைக்குப் பதில் அந்தக் கட்டங்களில் விற்ற எண்ணிக்கை எழுதப்படும். கடைப் பையனுக்குப் பலகை மனப்பாடமாகையால் தாளை நிரப்புவதில் தவறு நேராது. வாரக் கடைசியில் இந்தத் தாள் இருப்புப் புத்தகத்தோடு பேச ஆரம்பிக்கும்.

உதாரணமாக ஒரு வாரத்தில் 5 கிலோ தூள் செலவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளாஸுக்கு இரண்டரை கிராம் வீதம் 2,000 கிளாஸ் ஆக வேண்டும். விற்பனைத் தாளிலே, அரை லிட்டரை ஐந்து கிளாஸாக எண்ணிச் சேர்த்து, பால் தேநீர் 1,400, பால் சேராதது 300, ஆக 1,700 தான் இருக்கிறது. முந்நூறு கிளாஸ் எங்கே? உடனே கடைக்காரரைக் குற்றஞ்சாட்டிவிடக் கூடாது. தூள் ஒரே தரமாக வருவதில்லை; நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் அரைபடும் சி.டி.சி. தூளிலேயே, பொடி நைசாயிருந்தால் சாயம் சீக்கிரம் இறங்கும், பருமனாயிருந்தால் கூடப் போட வேண்டி வரும். “ஸ்ட்ராங்காகப் போடு” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்விடத்தில் பாலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். காப்பிக்கும் பாலுக்கும் போனதைத் தாளின்படி கழித்தபின் தேநீருக்கென்று நிற்கும் பால் எவ்வளவு? 1,400 கிளாஸுக்கு 60 வீதம் 84 லிட்டர். புத்தகத்திலும் 84-ஐ ஒட்டியே இருந்தால், விற்பனை சரி. தூள்தான் கூடப் போடப்பட்டிருக்கிறது அல்லது பொட்டலம் வெளியே போயிருக்கிறது. புத்தகத்தில் 102 லிட்டர் என்று இருந்தால் செய்தி வேறு. அதிகப்படி 18 லிட்டர், சரியாக 300 கிளாஸுக்குரிய பால். தூளும் பாலும் ஒரே எண்ணைச் சொல்லுகின்றன; தேநீர் போடப்பட்டிருக்கிறது, 3,600 ரூபாய் கல்லாவுக்கு வரவில்லை. அது திருட்டாகவும் இருக்கலாம். கமிட்டி அங்கத்தினர் குடித்துக் கணக்கெழுதாத தேநீராகவும் இருக்கலாம். இரண்டாவதையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

பால் சேராத தேநீரைப் பலகையில் தனி வரியாக எழுதாத சங்கத்தில் இந்தச் சோதனை நடவாது என்பதையும் கவனிக்க. அதற்குத் தூள் உண்டு, பால் இல்லை. எல்லாவற்றையும் “டீ” என்று ஒரே வரியில் எழுதினால் இரண்டு சாட்சிகளும் குழம்பிவிடும்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு தேநீர்க் கடைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்ற எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. தனியார் ஒருவர் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்தால் அது சரி. சங்கத்தின் விஷயம் அப்படியன்று. சேலையும் நூலும் விற்ற தொகையும் தேநீர் விற்ற தொகையும் ஒரே சங்கத்தின் விற்றுமுதலாகவே சேரும். ஆகவே பதிவு பெற்ற சங்கத்தின் கடையில் விற்கும் தேநீருக்கு நூற்றுக்கு 5 வீதம் வரி கட்ட நேரிடும். 12 ரூபாய்க்குள் அது 57 காசு. அதைப் பலகை விலையின் மேல் தனியே கேட்டால் சில்லறைக்கு எங்கே போவது? பலகையின் அடியில் “விலைகள் வரி உட்பட” என்று எழுதி, 57 காசையும் கமிட்டி விலை நிர்ணயிக்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் முன் கணக்கிட்ட 4 ரூபாய் 6 காசோடு எரிவாயுவுக்கு 75 காசும், கூலி வாடகை உடைவு முதலியவற்றுக்கு 5 ரூபாயும் வைத்தால், 12-இல் மிஞ்சுவது 2 ரூபாய் 19 காசு. வரி போக 1 ரூபாய் 62 காசு. இதை அறியாமல் விலை வைத்த கடைகள், லாபம் என்று பங்கிட்ட பணத்தை வரித் தணிக்கையின்போது தேடிக்கொண்டிருக்கின்றன.

பலகையின் கடைசி வரி தேதியாக இருக்கட்டும்: இன்ன தேதி முதல், கமிட்டியின் இன்ன எண் தீர்மானப்படி. கிளாஸ் அளவை மாற்றினாலும் அந்த வரியை மாற்றியே தீர வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மேலே கூறிய சங்கம் இப்பொழுது 100 மில்லிலிட்டர் கிளாஸுக்குத் திரும்பி, விலையை 13 ஆக்கியிருக்கிறது. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்ததாம். ஒரு கிளாஸைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மட்டக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் வந்தால், தமது கிளாஸை அதனருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்.